ஆசிரியரின் இரவு நேர மெசேஜ்: எப்போது புகார்? யாரிடம் சொல்வது?

2021 நவம்பரில் கோவையைச் சேர்ந்த 17 வயது மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் முன்பு படித்த தனியார் பள்ளியின் ஆசிரியர் போக்சோ சட்டத்தில் கைதானார். இரண்டு நாள் கழித்து அந்தப் பள்ளியின் முதல்வரும் பெங்களூருவில் கைது செய்யப்பட்டார். விஷயம் தெரிந்திருந்தும் போலீஸில் சொல்லவில்லை என்பதுதான் முதல்வர் மீதான குற்றச்சாட்டு. (பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை, பள்ளியின் பெயர் உட்பட, வெளியிட போக்சோ 23-வது பிரிவு தடை விதிக்கிறது.)

'தப்பு செஞ்சவர் ஒருத்தர், சொல்லாதவர் ஏன் கைதாகணும்?' என்ற கேள்வி அப்போது பலருக்கும் எழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோ 19-வது பிரிவு. இது சக ஆசிரியர், வாட்ச்மேன், பெற்றோர் என எல்லோருக்கும் பொருந்தும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தகவல் சொல்லாமல் இருப்பதே கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் மகாராஷ்டிர விடுதி வழக்கு ஒன்றில் தெளிவுபடுத்தியது.

எல்லா மெசேஜும் குற்றமா?

இல்லை. 'நாளைக்கு ரெக்கார்டு நோட் கொண்டு வாம்மா' என்பது பாடம் சார்ந்தது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைப் போன் வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது 11-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை. குழந்தையைத் தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதியில்தான் குழப்பம். பொன்னமராவதி பக்கம் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு மட்டும் ஒரு சார் அடிக்கடி ரீசார்ஜ் செய்து தருகிறார், பைக்கில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறார், ராத்திரி 11 மணிக்கு 'தூங்கிட்டியா?' என்று கேட்கிறார், 'வீட்ல சொல்லாத' என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. சலுகை, தனிமை, ரகசியம் மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்வதுதான் எச்சரிக்கை. 'வீட்ல சொல்லாத' என்ற வார்த்தை வந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது.

அதைப் பார்த்த டீச்சர் என்ன செய்யணும்?

முதலில் தேதி, நேரத்தோடு தான் கண்டதை மட்டும் எழுதி வைக்க வேண்டும். சலுகை, தனிக் கவனிப்பு என்ற அளவில் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கலாம். வாய்மொழியாகச் சொன்னதற்குப் பின்னாளில் ஆதாரம் இருக்காது. பள்ளியின் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிடமும் சொல்லலாம்.

மெசேஜில் பாலியல் பேச்சு, போட்டோ கேட்பது, தொடுதல் என்று எதுவும் தெரிந்தால், தலைமை ஆசிரியரிடம் சொன்னதோடு கடமை முடியாது. காவல் நிலையத்துக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ நேரடியாகப் போக வேண்டும். 1098 எண்ணிலும் உதவி கேட்கலாம்.

பெற்றோர் செய்யும் தவறுகள்

கோபத்தில் குழந்தையின் போனில் இருக்கும் சாட்டை அழித்துவிடுகிறார்கள், ஆதாரமே போய்விடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். குழந்தையின் அடையாளம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. போனை அப்படியே வைத்திருந்து போலீஸிடம் மட்டும் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது என்று குழந்தையிடம் பத்துப் பேர் மாறி மாறி விசாரிக்கவும் கூடாது.

புகார் கொடுத்த பிறகு?

தகவலுக்கு ஒரு பதிவு எண் போட்டு, எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி அதைச் செய்ய வேண்டும்.

'பேசி முடிச்சுக்கலாம்' என்றால்?

முடியாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கு, மாணவியின் தந்தையோடு சமரசம் ஆனதால் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்து, வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

சந்தேகம் தப்பாகிவிட்டால்?

நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கும் வராது, கிரிமினல் வழக்கும் வராது என்கிறது 19-வது பிரிவு. பழிவாங்கும் நோக்கத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால்தான் தண்டனை. அதுவும் குழந்தைக்குக் கிடையாது. குற்றம் நடந்ததா இல்லையா என்று நிரூபிப்பது விசாரணை அதிகாரியின் வேலை. பார்த்தவர் பார்த்ததைச் சொன்னால் போதும்.