ஏழு புள்ளிகளில் புனல் தேடாதீர்கள்

"புனல் வரைபு சமச்சீராகக் காணப்படுகிறது. ஆகவே பிரசுரப் பக்கச்சார்பு இல்லை." இந்த வசனத்தை நாங்கள் ஆய்விதழ்களில் பார்க்கிறோம், கருத்தரங்குத் திரைகளில் பார்க்கிறோம், இறுதியாண்டு ஆய்வேடுகளிலும் பார்க்கிறோம். கீழே இறங்கி எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஆறோ ஏழோ ஆய்வுகள்தான் இருக்கும். எல்லாமே சின்னச் சின்ன ஆய்வுகள். அப்படியான இடத்தில் இந்த வசனம் ஒரு முடிவே இல்லை எண்டுதான் நாங்கள் சொல்ல வருகிறோம். அதைப் பணிவாகவும் சொல்லப்போவதில்லை. ஏனெண்டால் இப்படியான ஏழு ஆய்வுகளை நம்பி, பயனில்லாத ஒரு மருந்தை உலகம் கிட்டத்தட்ட ஏற்றுக்கொண்டே விட்டது.

முதலில் வரைபை விளங்கிக்கொள்வோம். ஒரே கேள்வியைக் கேட்ட பல ஆய்வுகளைத் திரட்டி, ஒரு பொது விடை எடுப்பதுதான் மீப்பகுப்பாய்வு. அதிலுள்ள ஒவ்வொரு ஆய்வும் புனல் வரைபில் ஒரு புள்ளி. கிடை அச்சில் அந்த ஆய்வு கண்ட விளைவு. நிலைக்குத்து அச்சில் அதன் நியம வழு, அதுவும் தலைகீழாக. வழு குறைந்த பெரிய ஆய்வுகள் மேலே நிற்கும், வழு கூடிய சின்ன ஆய்வுகள் கீழே நிற்கும். பெரிய ஆய்வுகள் உண்மை விடைக்குக் கிட்டவாக ஒடுங்கி நிற்க, சின்னவை இரண்டு பக்கமும் சிதறும். கவிழ்த்து வைத்த புனல் மாதிரி ஒரு வடிவம் வரும். "பயன் இல்லை" எண்டு கண்ட சின்ன ஆய்வுகள் பிரசுரமாகாமல் இழுப்பறைக்குள் தூங்கினால், புனலின் கீழ் மூலையில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

இந்த வாசிப்பு முழுக்க ஒரு விசயத்தில் தங்கியிருக்கு. புனலுக்கு மேற்பகுதி இருக்க வேணும். உண்மை எங்கே எண்டு காட்டுவது மேலே நிற்கும் பெரிய ஆய்வுகள்தான். கீழே உள்ளவை சாய்ந்து நிற்கினமா இல்லையா எண்டு அதை வைத்துத்தான் பார்க்கலாம். மேற்பகுதி இல்லாவிட்டால் எதிலிருந்து சாய்ந்தது எண்டு சொல்வது?

இனி அந்தக் கதை. மாரடைப்பு வந்தவர்களுக்கு நாளம் வழியாக மக்னீசியம் ஏற்றினால் இறப்புக் குறையுமா எண்டு 1980களில் பல சிறிய பரிசோதனைகள் நடந்தன. 1991இல் தியோவும் சகாக்களும் அவற்றில் ஏழைத் திரட்டி, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு மீப்பகுப்பாய்வு வெளியிட்டார்கள். மொத்தம் 1301 நோயாளிகள். மக்னீசியம் பெற்ற 657 பேரில் 25 பேர் இறந்தார்கள், பெறாத 644 பேரில் 53 பேர். இறப்புப் பாதிக்கு மேல் குறைகிறது! மலிவான மருந்து, எங்கும் கிடைக்கும். அடுத்த வருடம் வந்த லிமிட்-2 என்ற 2316 பேர் கொண்ட பரிசோதனையும் இறப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது. 1993இல் வந்த ஒரு கட்டுரை, பயனுள்ள, பாதுகாப்பான, எளிய, மலிவான சிகிச்சை எண்டு தலைப்பிலேயே அறிவித்தது.

1995இல் ஐசிஸ்-4 வந்தது. 58,050 நோயாளிகள். மக்னீசியம் பெற்றவர்களில் 7.64 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 7.24 சதவீதம். பயன் எதுவும் இல்லை. சொல்லப்போனால் எண்ணிக்கை சற்று மற்றப் பக்கமாகவே நின்றது.

1991இல் ஒருவர் அந்த ஏழு ஆய்வுகளுக்கும் புனல் வரைபு போட்டிருந்தால் ஆபத்துத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும் எண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. ஏன் எண்டு ஒரு கணக்கால் காட்டுகிறோம்.

கற்பனையாக ஒரு சின்னப் பரிசோதனை எடுப்போம். ஒவ்வொரு பக்கமும் 100 பேர். மருந்துப் பக்கம் 4 பேர் இறக்க, மற்றப் பக்கம் 8 பேர் இறக்கினம். பாதியாகக் குறைந்ததுபோல் தெரியுது. ஆனால் இதன் நியம வழு, மடக்கை அளவில், 0.63. 95 சதவீத நம்பிக்கை எல்லையைப் பார்த்தால், மருந்தால் இறப்பின் வாய்ப்பு ஏழில் ஒன்றாகக் குறைவதிலிருந்து ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுவது வரை எதுவும் நடக்கலாம். நாலு மரணம் வித்தியாசம், அவ்வளவுதான். ஐசிஸ்-4இன் நியம வழுவை இதேபோல் கணித்தால் 0.03 அளவில் வரும். இருபது மடங்கு நுண்மை. தியோ திரட்டிய ஆய்வுகளில் சராசரியாக 200 பேர்கூட இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இப்ப, மருந்துக்கு உண்மையில் பயனே இல்லை எண்டு வைப்போம். இப்படியான 14 பரிசோதனைகள் நடந்திருக்கு. தற்செயலால் ஏழு இடப்பக்கம், அதாவது பயன் எண்ட பக்கம், விழுகுது. ஏழு வலப்பக்கம் விழுகுது. வலப்பக்கத்து ஏழும் இழுப்பறைக்குள் போய்விட்டன. எஞ்சிய ஏழையும் திரட்டினால், பயனே இல்லாத மருந்து இறப்பின் வாய்ப்பைச் சுமார் 40 சதவீதம் குறைப்பதாக விடை வரும். சரி, வரைபில் என்ன தெரியும்? நடுக்கோடு பூச்சியத்தில் நிற்காது. எஞ்சிய ஏழின் சராசரியில்தான் நிற்கும், ஏனெண்டால் அது அந்த ஏழிலிருந்தே கணிக்கப்படுகிறது. புள்ளிகள் அந்தப் பிழையான கோட்டுக்கு இரண்டு பக்கமும் பரவி நிற்கும். எல்லாம் ஒரே அளவான ஆய்வுகள் என்பதால் ஒரே உயரத்தில் கொத்தாகக் கிடக்கும். பாதி உலகத்தை மறைத்த பிறகும் படம் "சமச்சீர்"தான்! களவு போன வீட்டின் பூட்டு உடையவில்லை எண்டதற்காகக் களவே போகவில்லை என்பது மாதிரியான வாதம் இது.

"கண்ணால் பார்க்காமல் சோதனை செய்யலாமே" எண்டு சிலர் சொல்லுவினம். கண் எவ்வளவு நம்பத்தகாதது என்பது அளந்தே பார்க்கப்பட்ட ஒன்று. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 41 மருத்துவ ஆய்வாளர்களுக்குப் புனல் வரைபுகளைக் காட்டி, எதில் பிரசுரப் பக்கச்சார்பு இருக்கு எண்டு கேட்டார்கள். சரியாகச் சொன்னது ஏறத்தாழப் பாதி. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். சரி, சோதனைக்கு வருவோம். 1997இல் மத்தியாஸ் எக்கரும் சகாக்களும் முன்வைத்த பின்னடைவுச் சோதனை, சின்ன ஆய்வுகள் பெரியவற்றிலிருந்து விலகுகின்றனவா எண்டு பார்க்கிறது. ஆனால் ஏழு புள்ளிகளில் அதன் வலு மிகக் குறைவு. பக்கச்சார்பு இருந்தாலும் அது பெரும்பாலும் "கண்டுபிடிக்கவில்லை" எண்டுதான் சொல்லும். கண்டுபிடிக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அதனால்தான் 2011இல் ஸ்டேர்னும் எக்கர் உள்ளிட்ட சகாக்களும் வெளியிட்ட பரிந்துரை, பத்துக்குக் குறைந்த ஆய்வுகள் இருந்தால் இச்சோதனைகளைச் செய்யவேண்டாம் என்கிறது. பத்து இருந்தாலும் எல்லாம் ஒரே அளவானவை எண்டால் செய்யவேண்டாம் என்கிறது. சோதனையை உருவாக்கியவரே கையெழுத்திட்டுச் சொன்னதை நாங்கள் ஏன் மீறுகிறோம்?

எதிர்ப்பக்கத்துப் பிழையையும் விடமாட்டோம். புனல் சாய்ந்திருப்பதைக் கண்டவுடன் "பிரசுரப் பக்கச்சார்பு!" எண்டு கத்துவதும் அதே சோம்பேறித்தனம்தான். சின்ன ஆய்வுகள் வேறு காரணங்களாலும் பெரிய விளைவைக் காட்டலாம். எழுமாறாகப் பிரிப்பதில் கவனம் குறைந்திருக்கலாம். கூடிய ஆபத்திலுள்ள நோயாளிகளைச் சேர்த்திருக்கலாம். சும்மா தற்செயலாகவும் இருக்கலாம். மக்னீசியத்திலும் இந்த வாதம் வந்தது. ஐசிஸ்-4இல் மருந்து பிந்திக் கொடுக்கப்பட்டது, சின்ன ஆய்வுகளில் முந்திக் கொடுக்கப்பட்டது, வித்தியாசம் அதனால்தான் எண்டு சிலர் சொன்னார்கள். அது நியாயமான வாதம். அதற்கு விடை எந்த வரைபிலிருந்தும் வரவில்லை, இன்னொரு பரிசோதனையிலிருந்து வந்தது. 2002இல் வெளியான மெஜிக் பரிசோதனை, கூடிய ஆபத்திலுள்ள 6213 பேருக்கு மக்னீசியத்தை முந்தியே கொடுத்துப் பார்த்தது. இறப்பு ஒரு பக்கம் 15.3 சதவீதம், மறுபக்கம் 15.2. கதை முடிந்தது.

அப்ப ஏழு சின்ன ஆய்வுகளோடு நிற்பவர் என்ன செய்வது? படத்தை விட்டுவிட்டு இழுப்பறையைத் தேடவேணும். பரிசோதனைகளைத் தொடங்குமுன் பதியும் பதிவேடுகள் இப்ப இருக்கு. இலங்கைக்கும் 2006இலிருந்து ஒன்று இருக்கு. அதே கேள்வியில் எத்தனை ஆய்வுகள் பதிவாகின, அவற்றில் எத்தனை வெளிவந்தன எண்டு எண்ணலாம். பதியும்போது அளப்பதாகச் சொன்னதும் கட்டுரையில் அளந்ததாகச் சொல்வதும் ஒன்றா எண்டு ஒப்பிடலாம். பதிவேடு இல்லாத துறை எண்டால், மாநாட்டுச் சுருக்கங்களையும் வெளிவராத ஆய்வேடுகளையும் தேடினார்களா எண்டாவது கேட்கலாம்.

இன்னொரு எளிய பரிசோதனையும் உண்டு. மீப்பகுப்பாய்வில் நிலையான விளைவு மாதிரி, எழுமாற்று விளைவு மாதிரி எண்டு இரண்டு கணக்கு முறைகள். முதலாவது, பெரிய ஆய்வுக்கு அதன் நுண்மைக்கேற்ற முழு நிறையையும் கொடுக்கும். இரண்டாவது, ஆய்வுகள் தமக்குள் முரண்படும்போது, நிறையைப் பரவலாகப் பங்கிட்டுச் சின்னவற்றுக்கும் குரல் கொடுக்கும். ஐசிஸ்-4ஐச் சேர்த்த பிறகும்கூட, முதல் முறையில் மக்னீசியத்துக்குப் பயன் இல்லை, இரண்டாவது முறையில் பயன் இருப்பதுபோல் வந்தது. இரண்டு விடையும் இப்படிப் பிரிந்தால், சின்ன ஆய்வுகள்தான் முடிவை இழுக்கின்றன எண்டு அர்த்தம். ஆனால் எல்லா ஆய்வும் சின்னனாக இருந்தால் இந்த ஒப்பீடும் கைகொடுக்காது. அதையும் மறைக்கக்கூடாது.

"இதழ் கேட்குது, மேற்பார்வையாளர் கேட்கிறார், வரைபு போடாமல் விடேலாது" எண்டு சொல்வார்கள். போடுங்கள், அதில் பிழையில்லை. கீழே எழுதும் வசனத்தில்தான் பிழை. "ஆய்வுகள் ஏழு மட்டுமே, எல்லாம் சிறியவை. ஆகவே பிரசுரப் பக்கச்சார்பு உண்டா இல்லையா எண்டு இவ்வரைபால் தீர்மானிக்க முடியாது. பதிவேடுகளில் இத்தனை ஆய்வுகள் வெளிவராமல் கிடக்கின்றன." இப்படி எழுதினால் கட்டுரையின் மதிப்புக் குறையாது. குறையும் எண்டு நினைக்கும் பரிசோதகர்களோடுதான் எங்கள் சண்டை. "தெரியாது" எண்டு எழுதிய மாணவிக்குப் புள்ளியை வெட்டி, "சமச்சீர்" எண்டு எழுதியவருக்குப் புள்ளி போடும் வரை, இழுப்பறைகள் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும்.