பழைய விளம்பரக் கணக்கு கைக்கு வந்ததா? முதல் வாரம் பட்ஜெட்டைத் தொடாதீங்க!

வேறொருவர் நடத்திய கூகுள் விளம்பரக் கணக்கு கைமாறி வந்ததும், புதிதாகப் பொறுப்பேற்பவர் பெரும்பாலும் பட்ஜெட்டில்தான் முதலில் கை வைக்கிறார். கன்வெர்ஷன் குறைவா, வெட்டு, அதிகமா, ஏத்து. அந்த எண்ணே தப்பா இருந்தா? முதல் ஐந்து வேலை நாட்களைச் சோதனைக்கு மட்டும் ஒதுக்குவதே சரி. திருத்தமெல்லாம் அடுத்த வாரம்.

உதாரணத்துக்கு ஒரு பல் மருத்துவமனையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதச் செலவு 90,000 ரூபாய். கணக்கு காட்டும் கன்வெர்ஷன் 120. அதாவது, ஒரு விசாரணைக்கு 750 ரூபாய்.

முதல் 2 நாள்: டிராக்கிங். விளம்பரத்துக்கென்றே உருவாக்கிய பக்கத்தின் படிவம் வழியாக அந்த மாதம் வந்த மின்னஞ்சல்களை எண்ணினால் 60தான். Goals பகுதியில் காரணம் தெரிகிறது. ஒரே படிவத்தை கூகுள் ஆட்ஸ் டேக் ஒரு முறையும் GA4 ஒரு முறையும் எண்ணுகின்றன, இரண்டும் Primary. ஒன்றை Secondary ஆக்கினால் உண்மை விலை தெரியும்: 1,500 ரூபாய். ஆனால் Target CPA 750 என்றே இருந்தால், விலை திடீரென இரட்டிப்பானதாகக் கருதி சிஸ்டம் ஏலத் தொகையைக் குறைக்கும். விளம்பரம் தெரிவதே குறைஞ்சிடும். அதனால் டார்கெட்டையும் சேர்த்தே மாற்றணும். எண் பாதியாகப் போகிறது என்பதை உரிமையாளரிடம் முன்பே சொல்லிடணும்.

3ஆம் நாள்: அமைப்பு. மருத்துவமனையின் பெயரைத் தேடுபவர்களும் ‘பல் கிளினிக்’ எனப் பொதுவாகத் தேடுபவர்களும் ஒரே கேம்பெயினில் இருக்கிறார்கள். கீவேர்டு வாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. பெயர்த் தேடலுக்கு 10,000 ரூபாய், 40 விசாரணை. பொதுத் தேடலுக்கு 80,000 ரூபாய், வெறும் 20. புது ஆள் ஒருவரின் விசாரணைக்கு ஆகும் செலவு 4,000 ரூபாய்! ஏற்கெனவே பெயர் தெரிந்து வந்தவர்கள்தான் சராசரியைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

4ஆம் நாள்: வீண் செலவு. Search terms அறிக்கையைச் செலவு வரிசையில் பார்த்தால், பல் மருத்துவப் படிப்பு, வேலைவாய்ப்பு தேடியவர்களின் கிளிக்குகள் தெரியும். இந்த அறிக்கை எல்லாத் தேடலையும் காட்டாது. அதன் கூட்டுத்தொகை மொத்தச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். இருப்பிட அமைப்பில் Presence or interest இருந்தால், அந்த ஊரில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகும். பக்கத்து ஏரியா மக்களை நம்பும் கிளினிக்குக்கு அது தேவையில்லை.

5ஆம் நாள்: இல்லாத அறிக்கை. அந்த 60 பேரில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தாங்க? கணக்கில் இதற்குப் பதில் இல்லை. வரவேற்பு மேசையின் பதிவேட்டில்தான் இருக்கும். 4,000 ரூபாய்க்கு வந்த 20 பேரில் ஐந்து பேர் இம்பிளான்ட் வைத்திருந்தால் அந்தச் செலவு நியாயம். யாருமே வரவில்லை என்றால் நஷ்டம். இது தெரியாமல் பட்ஜெட்டை வெட்டுவதும் ஏத்துவதும் ஒரே மாதிரி குருட்டு வேலைதான்.