திரையில் \u0ba4 என்று வந்தால் பதற வேண்டாம்: டெஸ்ட் கன்சோல் அப்படித்தான் காட்டும்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைத் தெரியாத தருமபுரிக்காரர் இருக்க முடியாது. இன்று கிலோ என்ன விலை போகிறது என்பது அங்கே வெறும் செய்தி இல்லை. லோடு ஏற்றுவதா, இன்னும் ஒரு நாள் பொறுப்பதா என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. அதனால் விலையை செல்போனில் தமிழில் காட்டும் ஒரு சின்ன ஆப் செய்யலாம் என்று மாவட்டத்தில் இரண்டு பேர் உட்காருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். டேட்டாவுக்கு அலைய வேண்டியதில்லை. மத்திய அரசின் திறந்த தரவுத் தளமான data.gov.in, நாடு முழுவதும் உள்ள சந்தைகளின் அன்றாட விலையை ஏபிஐ வழியாகத் தருகிறது. அந்தத் தளத்திலேயே பிரவுசரில் சோதித்துப் பார்க்க ஒரு கன்சோலும் இருக்கிறது.

டேட்டா ஆங்கிலத்தில்தான் வரும். அதை எடுத்து, தமிழ்ப் பெயரைச் சேர்த்து, ஆப்புக்கு அனுப்ப இவர்கள் ஒரு சர்வர் எழுதுகிறார்கள். பிறகு டெஸ்ட் கன்சோலைத் திறந்து ரன் கொடுத்தால் வருவது இது (விலையும் தேதியும் விளக்கத்துக்காக நாம் போட்டவை):

```
{"market":"Palacode","commodity":"Tomato",
"name_ta":"\u0ba4\u0b95\u0bcd\u0b95\u0bbe\u0bb3\u0bbf",
"arrival_date":"05/06/2025","modal_price":"1800"}
```

பக்கத்தில் நின்று பார்ப்பவர் உடனே, "என்னப்பா, எழுத்தெல்லாம் உடைஞ்சு போச்சே" என்பார். உடையவில்லை. இதில் தமிழ் முழுசாக, ஒரு புள்ளிகூடக் குறையாமல் இருக்கிறது.

கன்சோல் ஏன் அழகாகக் காட்டுவதில்லை?

நாம் செல்போனில் பார்க்கும் எந்தப் பக்கத்திலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. சர்வர் தகவலை அனுப்புகிறது. அதை எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில், எங்கே வரி பிரித்துக் காட்டுவது என்பதை ஆப் பார்த்துக்கொள்கிறது. டெஸ்ட் கன்சோலில் இரண்டாவது ஆளே கிடையாது. சர்வர் கையில் கொடுத்ததை அப்படியே நீட்டுகிறது, அவ்வளவுதான். வரி முடியும் இடத்தில் \n என்று எழுத்தாகவே நிற்கும், தடித்த எழுத்து வர வேண்டிய இடத்தில் <b> என்று தெரியும், எண்ணுக்கு முன்னால் ரூபாய்க் குறி இருக்காது.

இது கன்சோல் செய்தவரின் சோம்பேறித்தனம் இல்லை. அதே பதில் நாளைக்கு ஆண்ட்ராய்டு ஆப்புக்குப் போகலாம், எஸ்எம்எஸ் ஆகலாம், மார்க்கெட் வாசலில் ஓடும் எல்இடி போர்டுக்கும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் தோற்றம் வேறு. எனவே சோதிக்கிற இடத்தில், தோற்றம் ஒட்டாத சரக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த \u0ba4 விஷயத்துக்கு வருவோம். யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. 'த'வின் எண் 0BA4. புள்ளிக்கு 0BCD, துணைக்காலுக்கு 0BBE. 'தக்காளி' நம் கண்ணுக்கு த, க், கா, ளி என 4 எழுத்து. கணினிக்கு அது 7 குறியீடுகள். மேலே எண்ணிப் பாருங்கள், சரியாக 7 இருக்கும். ஜேசான் என்ற இந்த வடிவத்தில் எழுத்தை நேராகவும் எழுதலாம், இப்படி எண்ணாகவும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. பைத்தானும் பிஹெச்பியும் வழக்கமாக எண்ணாக எழுதும். பழைய மென்பொருள் ஏதாவது வழியில் குறுக்கிட்டாலும் கெடாமல் போய்ச் சேரட்டும் என்ற முன்ஜாக்கிரதை அது. ஜாவாஸ்கிரிப்ட் நேராகத் தமிழிலேயே எழுதிவிடும்.

நம்பிக்கை வரவில்லையா? ஏதாவது ஒரு பைத்தான் பிளேகிரவுண்டில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
print("\u0ba4\u0b95\u0bcd\u0b95\u0bbe\u0bb3\u0bbf")
```

தக்காளி வந்து நிற்கும்.

அப்படியென்றால் எதுதான் கோளாறு?

கண்ணுக்கு அசிங்கமாக இருப்பதெல்லாம் நார்மல் என்று விட்டுவிடவும் முடியாது. சில அசிங்கங்கள் நிஜமாகவே கோளாறு. அவை பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

à® என்ற ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், தமிழைச் சேமித்தது ஒரு முறையில், படித்தது வேறு முறையில் என்று அர்த்தம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். அதை ஐரோப்பிய எழுத்துமுறை என்று நினைத்துப் படித்தால் 'த' என்பது à®¤ என 3 தனி எழுத்தாகிவிடும். டேட்டா பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், படிக்கும் முறையைத் திருத்தினால் மீட்கலாம். ஆனால் ??????? என்று 7 கேள்விக்குறி வந்தால் கதை முடிந்தது. தமிழ் தெரியாத டேட்டாபேஸ் பத்தியில் சேமிக்கப்போய், எழுத்துகள் அங்கேயே அழிந்துவிட்டன. ஆப்பில் என்ன மாற்றினாலும் திரும்ப வராது, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வெறும் எழுத்துருப் பிரச்சினை.

இன்னொரு கோளாறு, பார்க்க நார்மல் மாதிரியே இருக்கும். \u0ba4 என்று ஒற்றைச் சாய்கோடு வர வேண்டிய இடத்தில் \\u0ba4 என்று இரட்டையாக வந்தால், யாரோ ஒரே தகவலை இரண்டு முறை ஜேசானாக மாற்றியிருக்கிறார்கள். பல நேரம் மொத்தப் பதிலும் { என்று தொடங்காமல் மேற்கோள் குறியில் தொடங்கும். இதை ஆப் ஒரு முறைதான் பிரிக்கும். அதனால் விவசாயியின் போனில் தக்காளி என்று வராது, \u0ba4\u0b95 என்று எண் வரிசையே வந்து நிற்கும். ஒரே ஒரு கூடுதல் சாய்கோடு. கன்சோலில் நிதானமாகப் பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

அழகுபடுத்தினால் என்ன ஆகும்?

டெமோ நாளில்தான் சிக்கல் வருகிறது. பணம் போடுபவரோ மேலதிகாரியோ கன்சோலைப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் க்ளீன் பண்ணிக் கொண்டு வாங்க" என்கிறார். டெவலப்பரும் சர்வர் பதிலிலேயே "1800" என்பதை "₹1,800" என்று மாற்றிவிடுகிறார். கன்சோல் இப்போது பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆனால் ஆப்பில் விலை வரைபடம் போடுகிற ஜாவாஸ்கிரிப்ட், அதை எண்ணாக மாற்றப் பார்க்கிறது:

```
Number("₹1,800")   // NaN
parseInt("1,800")  // 1
```

முதல் வரியில் எண்ணே கிடைக்கவில்லை, அதையாவது கவனித்துவிடலாம். இரண்டாவதைப் பாருங்கள். காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிட்டு, 1 என்று திருப்தியாகச் சொல்கிறது. குவிண்டால் தக்காளி ஒரு ரூபாய்! விலை சரிந்து, பறித்த கூலிகூட வராமல் சாலையோரம் கொட்டிய காலங்களைப் பார்த்த ஊரில், இதை யாராவது நம்பியும்விடலாம்.

குவிண்டால் என்றதும் ஞாபகம் வருகிறது. அரசு டேட்டாவில் விலை குவிண்டாலுக்குத்தான், அதாவது 100 கிலோவுக்கு. 1800 என்றால் கிலோ 18 ரூபாய். அலகு எதுவும் ஒட்டாத வெறும் எண்ணைப் பார்க்கும்போதுதான் 'இது எதற்கான விலை?' என்ற கேள்வியே எழும். ₹ போட்டுவிட்டால் பலரும் கேட்பதில்லை.

தேதியும் அப்படித்தான். 05/06/2025 நமக்கு ஜூன் 5. ஜாவாஸ்கிரிப்ட் அதை அமெரிக்க வழக்கப்படி மே 6 என்று படிக்கும். 13ஆம் தேதியிலிருந்து, 13ஆவது மாதம் கிடையாது என்பதால் Invalid Date என்று கத்தும். அதற்கு முன் வரும் தேதிகளில் சத்தமே வராது, தப்பான மாதத்தின் விலையை அழகான தமிழில் காட்டிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் டெஸ்ட் செய்து பிழையைப் பார்த்தவர் தப்பிப்பார். முதல் வாரத்தில் டெஸ்ட் செய்தவர், கன்சோலில் வந்த தேதியையும் ஆப்பில் வந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தப்பிப்பார்.

data.gov.in ஏபிஐயிலேயே இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. அங்கே சோதனைக்காகக் கொடுக்கப்படும் மாதிரிச் சாவியைப் போட்டால் அதிகபட்சம் 10 பதிவுகள்தான் கிடைக்கும். அதை அட்டவணையாக மாற்றிப் பார்த்தால் 10 வரிகள் அடுக்கி வைத்த மாதிரி, முழுமையான பட்டியல் போலவே தெரியும். பாலக்கோடு அதில் இல்லாவிட்டால், இன்றைக்கு அங்கிருந்து விலை வரவில்லை போல என்று நினைத்துவிடுவோம். மூலப் பதிலைப் பார்த்தால், பதிவுகளுக்கு வெளியே total என்று ஓர் எண்ணும் count என்று ஓர் எண்ணும் இருக்கும். கையில் வந்தது 10, மொத்தம் இருப்பது அதைவிட எவ்வளவோ அதிகம் என்பது அங்கே தெரிந்துவிடும். அட்டவணையாக்கும்போது முதலில் தூக்கியெறியப்படுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

ஆகவே டெமோ கேட்பவர்களுக்கு நம் தரப்பிலிருந்து ஒன்று: அழகு வேண்டுமென்றால் ஆப்பைக் காட்டச் சொல்லுங்கள், அது நியாயமான கோரிக்கை. கன்சோலை மேக்கப் போட்டு வரச் சொல்லாதீர்கள். ரூபாய்க் குறி, காற்புள்ளி, "கிலோவுக்கு" என்ற சொல், ஜூன் என்ற மாதப் பெயர் எல்லாம் ஆப்பில் கடைசி நிமிடத்தில் சேர வேண்டியவை. எழுதுபவர்களும் ஒன்று செய்யலாம். தமிழ்ப் பெயருடன் ஒரு பதிவு, 12ஆம் தேதிக்குள் ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று, நான்கு இலக்க விலையுடன் ஒன்று எனச் சில பதில்களை கன்சோலில் வந்த வடிவிலேயே ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஆப்பை மாற்றும்போதும் அதே ஃபைலைக் கொடுத்து, போனில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். தக்காளி, கிலோ ₹18, ஜூன் 5 என்று வந்தால் சர்வர் பக்கம் கை வைக்க வேண்டிய வேலை இல்லை.