அம்மாவின் அறையும் விருந்தினரின் வைஃபையும்

கற்பிட்டியில் என் தங்கையும் அவளது கணவரும் மூன்று அறைகள் கொண்ட சிறு விருந்தினர் விடுதியொன்றை நடத்தி வருகின்றனர். தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் ஒக்டோபர் வரையிலான மாதங்களில், காற்றாடிப் பலகைச் சவாரிக்காக ஐரோப்பியர்கள் வந்து தங்குவார்கள். வீடும் விடுதியும் ஒரே வளவுக்குள்தான். எண்பத்து நான்கு வயதான எங்கள் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்.

சென்ற ஆண்டு நான் அங்கு போயிருந்தபோது, ஜெர்மானிய இளைஞர் ஒருவர் காலை உணவு வேளையில் தயங்கித் தயங்கி ஒரு விடயத்தைச் சொன்னார். தம் கைத்தொலைபேசியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் பெயரும் கமராப் பதிவுப் பெட்டியின் பெயரும் தெரிகின்றன, அது எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மைத்துனருக்கு அதில் விசேடமாக எதுவும் படவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்று பிற்பகல் விருந்தினருக்குக் கொடுக்கும் அதே வைஃபையில் இணைந்து, பதிவுப் பெட்டியின் முகவரியைத் திறந்தேன். பயனர் பெயர் admin, கடவுச்சொல் 123456. முதலில் வந்த காட்சி அம்மாவின் கட்டில். அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கமராவைப் பொருத்தியவன் டொரன்ரோவில் இருக்கும் மருமகன். பாட்டி இரவில் விழுந்துவிட்டால் தெரியவேண்டும் என்ற அக்கறைதான் காரணம். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவன் ஏதாவது கொண்டுவருவான். ரூட்டரின் பட்டியலை எண்ணிப் பார்த்தேன்: கமராக்கள் ஆறு, ஸ்மார்ட் பிளக்குகள் ஒன்பது, மின்குமிழ்கள் இரண்டு, அழைப்புமணி ஒன்று, தொலைக்காட்சி, மடிக்கணினி, வீட்டாரின் கைத்தொலைபேசிகள் மூன்று. மொத்தம் இருபத்து மூன்று. அதன் மேல் விருந்தினரின் கருவிகள். அனைத்துக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அந்தக் கடவுச்சொல் மூன்று அறைகளின் சுவரிலும் ஒட்டப்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு நோய்கள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று நெரிசல், மற்றது நம்பிக்கை பற்றியது. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பெரிய ரூட்டர் வாங்குவோரே அதிகம். பெரிய ரூட்டர் வாங்கியிருந்தாலும் அந்த இளைஞருக்கு அம்மாவின் அறை தெரிந்துதான் இருக்கும்.

கடவுச்சொல்லை மாற்றினால் போதாதா என்று நண்பர்கள் கேட்கலாம். மாற்றத்தான் வேண்டும். 2016 ஒக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டின் நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கியது நினைவிருக்கலாம். அதைச் செய்த மிராய் என்னும் நிரல், தொழிற்சாலையிலிருந்து வரும் அறுபது சொச்சம் பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் ஒவ்வொன்றாக முயன்றே கமராக்களுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பது சட்டத்துக்குப் புறம்பானது. ஆனால் மலிவான கமராவின் குறை கடவுச்சொல்லோடு முடிவதில்லை. அதன் மென்பொருளை உற்பத்தியாளர் ஓரிரு ஆண்டுகளில் கைவிட்டுவிடுவார். கமராவோ பத்து ஆண்டு சுவரில் இருக்கும். ஆகவே அது என்றாவது கெட்டுப்போகும் என்றே எண்ணி, அதன் கைக்கு எட்டும் தூரத்தில் வேறெதையும் வைக்காதிருப்பதுதான் உறுதியான வழி.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதல் முயற்சியில் பிழைவிட்டவன் நான்தான். அலுமாரியில் கிடந்த பழைய ரூட்டரை எடுத்து, அதன் WAN துளையை முதல் ரூட்டரின் LAN துளையோடு கம்பியால் இணைத்தேன். கமராக்களையும் பிளக்குகளையும் அந்த இரண்டாவது ரூட்டருக்கு மாற்றிவிட்டு, பிரித்தாயிற்று என்று மகிழ்ந்தேன். பின்னர் என் கைத்தொலைபேசியையும் கமராக்களின் வலையில் இணைத்துச் சோதித்தபோது, 192.168.1.1 என்ற முதல் ரூட்டரின் பக்கம் தாராளமாகத் திறந்தது. மடிக்கணினியையும் எட்ட முடிந்தது.

காரணம் எளிது. உள்ளே இருக்கும் ரூட்டருக்கு வெளியே உள்ள அனைத்தும் இணையமே. தன் பக்கமிருந்து வெளியே போவதை அது தடுக்காது. வெளியிலிருந்து கேளாமல் உள்ளே வருவதை மட்டுமே தடுக்கும். எனவே நம்பாதவற்றை உள்ளறையில் வைத்தால் அவை முன்னறைக்கு வந்துபோகும். நம்புகிறவற்றைத்தான் உள்ளறையில் வைக்கவேண்டும். எழுதப்படும் குறிப்புகள் பலவற்றில் இது தலைகீழாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் மாற்றியமைத்தோம். மடிக்கணினியும் வீட்டாரின் கைத்தொலைபேசிகளும் இரண்டாவது ரூட்டருக்குப் போயின. அதன் முகவரியை 192.168.50.1 என்று வைத்தோம். இரண்டு ரூட்டர்களும் 192.168.1 என்றே தொடங்கினால் குழப்பம் வரும். கமரா, பிளக், தொலைக்காட்சி எல்லாம் முதல் ரூட்டரில் புதிய கடவுச்சொல்லுடன் தங்கின. விருந்தினருக்கு அதே முதல் ரூட்டரிலுள்ள விருந்தினர் வலையைத் திறந்து, வீட்டு வலையைப் பார்க்க அனுமதிக்கும் தெரிவை நீக்கினோம். பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். ஒன்பது பிளக்குகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. அவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. இணைக்கும் வேளையில் கைத்தொலைபேசியும் அதே வலையில் இருக்கவேண்டியிருந்தது.

பிறகு சோதனை. விருந்தினர் வலையிலிருந்து பதிவுப் பெட்டியும் திறக்கவில்லை, ரூட்டரின் பக்கமும் திறக்கவில்லை. கமராக்களின் வலையிலிருந்து மடிக்கணினியை எட்ட முடியவில்லை. வீட்டாரின் வலையிலிருந்து பதிவுப் பெட்டி திறந்தது. டொரன்ரோவில் மருமகனுக்கும் வழக்கம்போலத் தெரிந்தது. அவனுக்கு அந்தக் காட்சி உற்பத்தியாளரின் வழங்கி வழியாகவே போகிறது. ஒரே ஓர் இழப்பு: கைத்தொலைபேசியில் உள்ள படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது நின்றுபோனது. தங்கைக்கு அதில் இன்றும் மனக்குறைதான்.

ஆனால் மாலையில் மருமகனோடு பேசும்போது குரல் அறுந்து அறுந்து வருவது சற்றும் குறையவில்லை. குறையாது. வலையை எத்தனையாகப் பிரித்தாலும் காற்று ஒன்றுதான். ஓர் அலைத்தடத்தில் ஒரு வேளையில் ஒரு கருவிதான் பேசலாம், மற்றவை காத்திருக்கும். பிளக் எப்போதாவது ஒரு சொல் பேசும். ஒன்பது இருந்தாலும் பாரமில்லை. கமராவோ ஓயாமல் வினாடிக்கு இரண்டு முதல் நான்கு மெகாபிட் வரை அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் படலைக் கமரா தென்னைகளுக்கு அப்பால், சமிக்ஞை ஒற்றைக் கோடாகத் தேயும் தூரத்தில் இருந்தது. சமிக்ஞை தேய்ந்தால் கருவி மெதுவாகப் பேசும். அதே காட்சியை அனுப்பப் பல மடங்கு நேரம் காற்றை அடைத்துக்கொள்ளும். எங்கள் நெரிசலில் பெரும்பங்கு அந்த ஒற்றைக் கமராவுடையது. அதை நிறுத்திப் பார்த்தவுடன் குரல் தெளிந்ததில் இது புரிந்தது.

ஆகவே கம்பி இழுத்தோம். ஒரே இழுவையில் நூறு மீற்றர் வரை போகலாம். படலை நாற்பதுக்குள் வந்தது. ஆறில் நான்கு கமராக்கள் கம்பிக்கு மாறின. கைத்தொலைபேசிகளை 5 கிகாஹேர்ட்ஸுக்கு ஒதுக்கினோம். பேச்சுச் சீரானது. மருமகன் ஆறு காட்சிகளையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் இன்னமும் தடுமாறும். அது 4ஜி இணைப்பின் ஏற்றுதிறன் பற்றாமை. வீட்டுக்குள் எதைப் பிரித்தாலும் தீராது.

இவையெல்லாம் முடிந்த பின்னர்தான் அம்மாவிடம் கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். தன் அறையில் இருப்பது கமரா என்று அவருக்குத் தெரியாது. புகை அறிவிக்கும் கருவி என்று எண்ணியிருந்தாராம். "பேரன் பார்க்கட்டும், ஆனால் கட்டிலைப் பார்க்கவேண்டாம், கதவைப் பார்க்கட்டும்" என்றார். எழுந்து நடமாடுவது கதவருகே தெரியும் என்பதால் மருமகனும் இணங்கினான். கட்டிலிலிருந்து விழுந்தால் தெரியாதே என்று தங்கை கேட்டாள். அதற்காகக் கட்டிலருகே ஓர் அழைப்புமணி வைத்திருக்கிறோம். அது கம்பியில் இயங்கும் சாதாரண மணி.

படலைக் கம்பியின் முனையை உப்புக்காற்று ஆறு மாதத்தில் பச்சைபிடிக்க வைத்துவிட்டதாகச் சென்ற வாரம் மைத்துனர் தொலைபேசியில் சொன்னார். முனையை வெட்டிப் புதிதாகப் பொருத்தி, இம்முறை மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறாராம்.