பித்தளைக் கொம்பும் கறுப்புப் பெட்டியும்

பளபளவென்று பித்தளைக் கொம்பு வைத்த கிராமபோனை வரவேற்பறையில் நிறுத்தி, "இது தாத்தா காலத்து ஹெச்.எம்.வி." என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு நீண்ட நாள் சண்டை. அந்தக் கொம்புப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தத் தாத்தாவையும் தெரியாது. நம் நாட்டுப் பட்டறைகளில், சுற்றுலாப் பயணிகளுக்காகவும் பழம்பொருள் கடைகளுக்காகவும் சில பத்தாண்டுகளாகக் கூட்டிச் சேர்த்துச் செய்தவை அவை. அவற்றைப் 'புதுப்பிக்க' ஒரு ரூபாய் செலவழிப்பதும் வீண் என்பது என் கட்சி. நிஜமான தாத்தா காலத்துச் சாமானோ கொம்பில்லாத கறுப்புப் பெட்டியாகப் பரணில் கிடந்து, கடைசியில் காயலான் கடைக்குப் போகிறது.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருடம் லேத்தோடு வாழ்ந்தவன் நான். அதனால் உறவுக்காரர்களும் பழைய சகாக்களும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அண்ணே, இதை ரிப்பேர் பண்ணலாமா?" என்று கேட்பது வழக்கம். படத்தைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் போலியைப் பற்றி. பெட்டி எட்டுப் பட்டையாக இருக்கிறதா? முகப்பில் நாய்ப் படம் பெரிதாக, புதுப் பித்தளைத் தகட்டில் மின்னுகிறதா? கொம்பு மெல்லிய பித்தளைத் தகட்டில், பூவிதழ் மாதிரி ஒட்டிப் பளபளக்கிறதா? இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகப்படுங்கள். பித்தளைக் கொம்பு அந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் வர்ணம் பூசிய இரும்புத் தகட்டுக் கொம்பும் மரக் கொம்பும் தாராளமாக வந்தன. அசல் கம்பெனியின் சின்னம் பெரும்பாலும் சிறியதாக, மரத்தின் மேல் ஒட்டிய சித்திரமாகத்தான் இருக்கும்.

நிறம், பளபளப்பு எல்லாம் ஏமாற்றலாம். ஏமாற்ற முடியாதது வடிவம். மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். டோன் ஆர்மை உள்பக்கமாகத் தள்ளினால் ஊசி முனை, தட்டின் நடு ஆணிக்கு அருகில் வரவேண்டும். போலியில் ஊசி அதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும், அல்லது தாண்டி எங்கோ போகும். கூட்டிச் சேர்த்தவருக்கு அழகு முக்கியம், அளவு முக்கியமில்லை. அப்படிப்பட்ட கருவியில் ஊசி, இசைத்தட்டின் பள்ளத்தில் கோணலாக உரசும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் இசைத்தட்டு அழியும். அதைப் புதுப்பிப்பது, இசைத்தட்டை அறுக்க ஒரு கருவிக்குக் காசு கொடுப்பது.

இனிக் கறுப்புப் பெட்டி. ராயபுரத்தில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் குடும்பத்திலிருந்து வந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்புத் துணி ஒட்டிய சூட்கேஸ் மாதிரிப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே இசைத்தட்டு செருகும் இடம். கைப்பிடி பக்கவாட்டில் நுழைகிறது. ஒலி, பெட்டியின் பின்பக்கத் திறப்பு வழியாக வந்து, திறந்த மூடியில் மோதி வெளியே வருகிறது. அதுதான் இதன் கொம்பு. சவுண்ட் பாக்ஸின் முகத்தில் '5' என்ற எண் தெரிந்தது. அது ஹெச்.எம்.வி. 102. 1931இல் வந்து 1950களின் கடைசி வரை விற்ற பெட்டி. இதற்கு முந்தைய 101இல் பெரும்பாலும் நான்காம் எண் சவுண்ட் பாக்ஸ், உள்ளே மைக்கா தகடு. 102இல் அலுமினியத் தகடு. எண்ணைப் படத்தில் படிக்க முடியாவிட்டால், பக்கத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் கேளுங்கள்.

சரி, இதை ரிப்பேர் செய்வது தகுமா? மூன்று இடத்தைப் பார்த்தால் போதும்.

ஒன்று, ஸ்பிரிங். கைப்பிடியைச் சுற்றும்போது இறுக்கமே வராமல் சும்மா சுற்றினால் ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது கொக்கி விட்டிருக்கும். ஓடும்போது 'டொப் டொப்' என்று குதித்தால் உள்ளே கிராபைட் கிரீஸ் காய்ந்திருக்கிறது. இரண்டும் சரிசெய்யக்கூடியவை, ஸ்பிரிங் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் முழுதும் ஓடி அடங்காத ஸ்பிரிங் டப்பாவைத் திறக்காதீர்கள். பல அடி நீள எஃகுப் பட்டை ஒரே நொடியில் விரல்களைக் கிழித்துவிடும்.

இரண்டு, வேகம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, அரை நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 39 வரவேண்டும்; நிமிடத்துக்கு 78. வேகம் அலைந்தால் கவர்னரின் மெல்லிய தகடுகளில் ஒன்று போயிருக்கும். அதுவும் மாற்றக்கூடியதே. பல்சக்கரம் தேய்ந்திருந்தால், லேத் வேலை தெரிந்த நானே யோசிப்பேன்.

மூன்றாவதுதான் தீர்ப்பு: சவுண்ட் பாக்ஸின் உடம்பு. அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்தது. கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால், வருடங்கள் போக, ஈரம் உலோகத்தின் மணிகளுக்கு இடையில் நுழைந்து அரிக்கும். உலோகம் ஊதி, மயிரிழையாக வெடிக்கும். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வீடுகளில் கடல் காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து இதை முடுக்கிவிடுகின்றன. வெடித்ததை ஒட்ட முடியாது, பற்ற வைக்கவும் முடியாது. இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்த சவுண்ட் பாக்ஸ்தான் கதி. எனவே சவுண்ட் பாக்ஸின் பின்புறத்தை நெருக்கமாகப் படம் எடுக்கச் சொன்னேன். நல்லவேளை, வெடிப்பு இல்லை. ரப்பர் வளையம் மட்டும் கல்லாக இறுகியிருந்தது. அது சின்ன வேலை. மொத்தத்தில் காசு செலவழிக்கத் தகுந்த பெட்டி என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. படம் பழையது, பெட்டி போன மாதமே எடைக்குப் போய்விட்டதாம். அந்தக் காசோடு இன்னும் பல மடங்கு போட்டு, கூடத்துக்கு அழகாக ஒரு பித்தளைக் கொம்பு வாங்கிவிட்டார்களாம். தாத்தாவின் அரக்குத் தட்டுகள் மட்டும் பதினேழு மீந்திருக்கின்றன. "அதை இதுல போட்டுக் கேக்கலாம் இல்ல அண்ணே?" என்று கேள்வி. வேண்டாம் என்றேன். இதைத்தான் நான் கோபமாகச் சொல்கிறேன்: தாத்தா கைவைத்துச் சுற்றிய பெட்டியை எடைக்குப் போட்டு, தாத்தா வேடம் போட்ட பெட்டியை வாங்குகிறோம்.

"அழகுக்குத்தானே வச்சிருக்கோம், அதுல என்ன தப்பு?" என்பார்கள். அழகுக்கு என்றே சொல்லி வைத்தால் ஒரு தப்பும் இல்லை. அதில் இசைத்தட்டு போடாமலும், பேரனிடம் பொய் சொல்லாமலும் இருந்தால் சரி.

நிஜப் பெட்டி கிடைத்தவர்களும் இன்னொரு விதத்தில் கெடுக்கிறார்கள். கறுப்புத் துணியை உரித்து வார்னிஷ் அடிப்பது, நிக்கல் பூச்சைத் தேய்த்தே கழற்றுவது. உள்ளே ஓட வையுங்கள், வெளியே துடைத்து விடுங்கள், அவ்வளவுதான். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு ஊசி. அடுத்த பக்கத்துக்குப் புதிது. சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் ஊசியில் அழுத்துகிறது. எல்.பி. தட்டை அதில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் பள்ளம் உழுதுவிடும். 78 வேக அரக்குத் தட்டு மட்டுமே போட வேண்டும்.

பரணில் கறுப்புப் பெட்டி இருந்தால், காயலான் கடைக்காரர் தராசை எடுப்பதற்கு முன் மூன்று படம் எடுங்கள்: மூடி திறந்த முழுப் பெட்டி, மேலிருந்து தட்டும் டோன் ஆர்மும், சவுண்ட் பாக்ஸின் பின்புறம். கடைசிப் படத்தில் வெடிப்பு இல்லை என்றால், பெட்டியை விற்காதீர்கள்.