சாம்பல் வானத்தைக் கழுவித் துடைக்க வேணுமா?

மாரிகாலத்தில மன்னார்த் தீவுக்கு மேலால எடுத்த ட்ரோன் காணொளிகள் எல்லாமே ஒரே மாதிரித்தான் இருக்கும். வானம் சாம்பல், கடல் சாம்பல், தூரத்துப் பனைகள் ஒரு மங்கல் கோடு. உடனே கனபேர் செய்யிறது, Dehaze ஸ்லைடரைப் பிடிச்சு வலது பக்கம் இழுக்கிறது. படம் 'பளிச்' எண்டு வரும். அந்தப் பளிச்சில உண்மை எவ்வளவு மிஞ்சுது எண்டதுதான் எங்கட கேள்வி.

முதல்ல, ரெண்டு வேறு விசயங்களை நாங்கள் ஒண்டாக்கிக் குழப்பிறம். முகில் மூடினால் வெளிச்சம் எல்லாப் பக்கத்தாலயும் சமமா விழும், நிழல் இராது. அது வெளிச்சத்தின்ர குணம். புகார் அப்பிடியில்லை. காற்றில இருக்கிற ஈரத்துளியும் கடலுப்பும் வெளிச்சத்தைச் சிதறடிச்சு, தூரத்துப் பொருளுக்கு முன்னால ஒரு சாம்பல் திரை போடும். தூரம் கூடக் கூடத் திரையும் தடிக்கும். திரையை ஓரளவு விலக்கலாம். இல்லாத நிழலை எந்த மென்பொருளாலயும் திருப்பிக் கொண்டுவர ஏலாது.

திரை எப்பிடி வேலை செய்யுது எண்டு இந்தச் சின்னச் சமன்பாடு சொல்லும்:

```
I = J·t + A·(1−t)
```

I கமரா கண்டது. J உண்மையான நிறம். A வானத்துச் சாம்பல். t எண்டது பொருளிட வெளிச்சத்தில எங்களிட்ட வந்து சேர்ந்த பங்கு. A 200 எண்டு வைப்பம். ஒரு பனைக்கூட்டத்தின்ர இருள் 40, பக்கத்து மணல் 180. வித்தியாசம் 140. t பாதியாகிற தூரத்தில பனை 120 ஆகவும் மணல் 190 ஆகவும் தெரியும். வித்தியாசம் 70. இன்னும் தள்ளிப்போய் t 0.2 ஆகினால் 168உம் 196உம், வெறும் 28தான்.

திருப்பி எடுக்கிறதுக்குக் கணக்கைத் தலைகீழாப் போட்டு t-ஆல பிரிக்க வேணும். கிட்டத்துக்கு அது ரெண்டால பெருக்கல், தூரத்துக்கு அஞ்சால பெருக்கல். பெருகிறது பனை மட்டுமில்லை, கமராவின்ர புள்ளி இரைச்சலும் சேர்ந்து பெருகும். எட்டு பிற் காணொளியில மொத்தம் 256 படிகள்தான் இருக்கு. அதில 28 படிகளை இழுத்து விரிச்சால் வானத்தில பட்டை பட்டையாக் கோடு விழும். அந்தக் கோட்டைக் கண்டால் அளவுக்கு மிஞ்சி இழுத்தாச்சு எண்டு விளங்கவேணும். பத்து பிற்றில எடுத்தால் இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம்.

அடுத்தது, மன்னாருக்கெண்டே இருக்கிற சிக்கல். 2009இல கைமிங் ஹே, ஜியன் சன், சியாவோ டாங் மூண்டு பேரும் முன்வைச்ச 'இருண்ட அலைவரிசை' முறை புகார் நீக்கத்தில பேர்போனது. புகார் இல்லாத வெளிப்புறப் படத்தில, வானத்தைத் தவிர்ந்த பெரும்பாலான சின்னத் துண்டுகளில சிவப்பு, பச்சை, நீலத்தில ஏதாவது ஒண்டு கிட்டத்தட்டப் பூச்சியமா இருக்கும் எண்டதுதான் அதின்ர ஊகம். அப்பிடி இல்லாத இடத்தை அது புகார் எண்டு எடுக்கும். வெள்ளை மணலிலயும் தென்கரைத் தம்பபவனிக் காற்றாலைகளின்ர வெள்ளைத் தூணிலயும் இந்த ஊகம் பிழைக்கும். கிட்டத்தில நிக்கிற தூணைத் தூரத்துப் புகார் எண்டு நினைச்சுக் கறுப்பாக்கும். ஈர மணல், புதுசாத் தோண்டின கிடங்கு போலத் தெரியும். கலங்கின ஆழமில்லாத தண்ணி ஆழ்கடல் நீலமாகும்.

காற்றாலை வேணுமா வேண்டாமா, கனிய மணல் அகழலாமா எண்டு சனம் வீதியில இறங்கிக் கேக்கிற தீவு இது. இந்தக் காணொளிகளைத்தான் ரெண்டு பக்கமும் சாட்சியாக் காட்டுது. ஒரு ஸ்லைடர் கிடங்கை உருவாக்குமெண்டால், எதிர்த்தரப்பு அந்த ஒண்டைப் பிடிச்சே மிச்ச உண்மையையும் பொய் எண்டு சொல்லிப்போடும்.

அப்ப என்ன செய்யலாம்? ஸ்லைடரை முழுப்படத்துக்கும் போடாமல், ஒரு Window வரைஞ்சு, தூரம் கூடுற அடிவானப் பக்கத்துக்கு மட்டும் படிப்படியாக் கூட்டுங்கோ. வானத்தைத் தொடாதேங்கோ. Waveformஐப் பாத்துக்கொண்டு, கிட்ட இருக்கிற இருளான பொருள் அடியைத் தொடுற அளவுக்கு மட்டும் கறுப்பை இறக்குங்கோ. ஒவ்வொரு சட்டகத்துக்கும் மென்பொருள் தானாக் கணக்குப் போட்டால் ட்ரோன் திரும்பேக்க படம் மினுங்கும். ஒரு சட்டகத்தில அளவைத் தீர்மானிச்சு முழு ஷொட்டுக்கும் அதையே பூட்டுங்கோ. கடைசியா, கிட்டத்து மணலின்ர நிறத்தை மூலத்தோட ஒப்பிடுங்கோ. புகார் குறைஞ்ச அந்த இடமே மாறியிருந்தால் நீங்கள் நீக்கினது புகாரை இல்லை.

அழகுக்காக எடுக்கிற கலியாணக் காணொளிக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை எண்டு ஒத்துக்கொள்ளுறம். ஆனால் நிலத்துக்காகப் பேசுற காணொளி எண்டால், திருத்தாத பத்து செக்கனையும் பக்கத்தில போடுங்கோ. மாரியில மன்னார் சாம்பல்தான். அதைப் பாத்தும் ஆக்கள் நம்புவினம்.