கைநிறையப் பணமா? மாதா மாதம் பென்சனா?

ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவருக்கு முதுமையில் கிடைப்பது சேமநிதிப் பணம். அது மொத்தமாகக் கைக்கு வரும். ஆனால் நமது குடும்பங்களிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளுக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் அரசாங்க இலாகாக்களுக்கும் சென்றவர்கள் பலர். அவர்களில் பென்சனுக்கு உரியவர்களும் உண்டு. துறைமுகத்தின் கொள்கலன் முனையம் 1986ல் தனியார்மயமாயிற்று. மலாயா ரயில்வே 1992 ஆகஸ்டில் கம்பெனியாயிற்று. இவ்வாறு நிர்வாகம் கைமாறும்போதெல்லாம் தொழிலாளியின் முன் ஒரு கேள்வி எழுகிறது: வாக்களிக்கப்பட்ட மாத வருமானத்தைப் பிடித்துக்கொள்வதா, அதற்குப் பதிலாக ஒரு தொகையை ஏற்பதா? விடை தெரியாமல் கையெழுத்துப் போட்டால் என்ன நேரும் என்பதை வேல்ஸ் நாட்டு இரும்பாலைத் தொழிலாளர்களின் அனுபவம் நமக்குக் காட்டுகிறது.

போர்ட் டால்பட் நகரிலும் பிற ஊர்களிலும் இருந்த அந்த ஆலைகளின் முதலாளி இந்தியாவின் டாட்டா நிறுவனம். 2017ல் பழைய பென்சன் திட்டத்திலிருந்து டாட்டா விலகிற்று. புதிய திட்டத்தில் சேர்வதா, அரசாங்கம் சட்டமியற்றி அமைத்த பென்சன் பாதுகாப்பு நிதிக்குச் செல்வதா என்று முடிவு செய்யத் தொழிலாளர்களுக்குச் சில மாதங்களே இருந்தன. மூன்றாவது வழியும் திறந்திருந்தது. பென்சனை விட்டுக்கொடுத்து, அதன் மதிப்பைப் பணமாக வேறொரு கணக்குக்கு மாற்றிக்கொள்வதே அது. ஏறக்குறைய 8,000 பேர் அவ்வழியில் சென்றனர். மாற்றப்பட்ட தொகை சுமார் 280 கோடி பவுண்டு, அதாவது சராசரியாக ஒருவருக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேல். வாழ்நாளில் கண்டிராத தொகை கண்முன் நின்றபோது மயங்காதவர் யார்?

30,000 பவுண்டுக்கு மேற்பட்ட பென்சனை மாற்ற ஆலோசகரின் யோசனை கட்டாயம் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆனால் பல ஆலோசகர்களுக்குப் பென்சன் மாறினால்தான் கூலி, மாறாவிட்டால் ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் யோசனை சாயும் என்பதைச் சொல்ல வேண்டுமா? பின்னர் அரசாங்கக் கண்காணிப்பு அமைப்பு ஆராய்ந்தபோது, சொல்லப்பட்ட யோசனைகளில் 46 விழுக்காடு பொருத்தமற்றவை என்று கண்டது. அத்தகைய கூலிமுறை 2020 அக்டோபரில் பெரும்பாலும் தடை செய்யப்பட்டது. 2023ல் நஷ்டஈட்டுத் திட்டமும் தொடங்கிற்று. ஆனால் விட்டுக்கொடுத்த பென்சனைத் திரும்ப வாங்க வழியில்லை.

இனி கணக்குக்கு வருவோம். நமது நாட்டு அரசாங்கப் பென்சனுக்குச் சூத்திரம் எளிது. கடைசிச் சம்பளத்தை வேலை செய்த மாதங்களால் பெருக்கி 600 ஆல் வகுக்க வேண்டும். உச்சவரம்பு 360 மாதங்கள். 3,000 வெள்ளி சம்பளத்தில் 30 ஆண்டு உழைத்து ஓய்வு பெறுபவருக்கு மாதம் 1,800 வெள்ளி, ஆண்டுக்கு 21,600 வெள்ளி கிடைக்கும். பணிக்கொடை தனி. அந்தப் பென்சனுக்குப் பதிலாக 250,000 வெள்ளி தருகிறோம் என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஏற்கலாமா?

அவர் 60 வயதிலிருந்து 80 வரை வாழ்ந்தால் பென்சனாக வருவது 432,000 வெள்ளி. ஆனால் அந்த எண்ணை அப்படியே 250,000த்துடன் ஒப்பிடுவது தவறு. இன்று கையிலிருக்கும் 100 வெள்ளி, 5 விழுக்காடு வட்டியில் அடுத்த ஆண்டு 105 ஆகும். ஆகவே அடுத்த ஆண்டு வரும் 105க்கு இன்றைய மதிப்பு 100தான். இப்படிக் குறைத்துக்கொண்டே போனால், முதலாண்டின் முடிவில் வரும் 21,600க்கு இன்றைய மதிப்பு சுமார் 20,570. இருபதாம் ஆண்டில் வரும் அதே 21,600க்குச் சுமார் 8,140. இருபது ஆண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 269,000 வெள்ளி. இதுவே தற்கால மதிப்பு. கொடுப்பதாகச் சொன்ன 250,000 இதற்கும் குறைவு.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டியை 3 விழுக்காடு என்று வைத்தால் அதே பென்சனின் மதிப்பு 321,000 ஆகிவிடும். வட்டி தாழ்ந்தால் பென்சனின் மதிப்பு ஏறும். வட்டி ஏறினால் மதிப்பு தாழும். பிரிட்டனில் 2017ல் பெருந்தொகைகள் சொல்லப்பட்டதற்கு வட்டி தாழ்ந்திருந்ததே முக்கியக் காரணம். 2022ல் வட்டி ஏறியதும் அத்தொகைகள் சரிந்தன. ஆகவே தொகை பெரிது என்பதால் பேரம் நல்லது என்றாகிவிடாது. எந்த வட்டியை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி: பென்சன் உயருமா? இந்நாட்டில் 2013 முதல் ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்வு என்ற விதி இருந்தது. 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. உயர்வு எந்த விதியில் வருகிறது என்பதைப் பார்த்தே கணக்கிட வேண்டும். உதாரணத்துக்கு 2 விழுக்காடே உயர்வதாகக் கொண்டால், 5 விழுக்காடு வட்டியிலும் நமது 1,800 வெள்ளிப் பென்சனின் மதிப்பு சுமார் 317,000 ஆகிறது. 269,000க்கும் இதற்கும் உள்ள பேதம் சிறிதன்று.

மற்றொரு வழியிலும் சோதிக்கலாம். 250,000த்தை வாங்கிப் போட்டு, பென்சன் தருவதைப் போலவே ஆண்டுதோறும் 2 விழுக்காடு கூட்டி எடுத்துச் செலவிட்டால், 5 விழுக்காடு வருமானத்தில் பணம் பதினைந்தாம் ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். 75 வயதுக்குள் கை வெறுமை! இருபது ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டுமானால், ஆண்டு தவறாமல் 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சம்பாதிக்க வேண்டும். சேமநிதியே சட்டப்படி உறுதி செய்வது 2.5 விழுக்காடுதான், மேற்கொண்டு கிடைப்பது அந்தந்த ஆண்டின் இலாபத்தைப் பொறுத்தது. "எட்டு எனக்கு எளிது" என்று வாய்ப்பந்தல் போடுபவரிடம், தவறினால் நஷ்டம் யாருக்கு என்று கேளுங்கள்.

மொத்தத் தொகை எப்போதும் தவறு என்று நாம் கூறவில்லை. கடும் நோயால் ஆயுள் குறுகியவர், பின்னால் பென்சன் பெற மனைவியோ கணவனோ பிள்ளைகளோ இல்லாதவர், வேறு நிலையான வருமானம் உடையவர் ஆகியோருக்கு அது பொருந்தலாம். பென்சன் கொடுக்கும் கம்பெனி நொடிந்து, அதற்குப் பின்னால் பாதுகாப்பு நிதியும் இல்லையென்றால் அப்போதும் யோசிக்கலாம். ஆனால் விதவைக்குத் தொடர்ந்து வரும் பென்சனையும் மதிப்பில் சேர்க்காத கணக்கு அரைக்கணக்கே. கணவர் 78ல் மறைந்து, மனைவி 85 வரை வாழும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே தோழர்களே, இத்தகைய கடிதம் உங்கள் வீட்டுக்கோ பிள்ளைகளுக்கோ வருமானால், நான்கு விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கணக்கிட்ட வட்டி, எதிர்பார்த்த ஆயுள், ஆண்டு உயர்வு, வாழ்க்கைத் துணைக்குரிய பங்கு. யோசனை சொல்பவருக்கு எப்போது, யாரால் கூலி என்பதையும் கேளுங்கள். கெடு நெருங்குகிறது என்று அவசரப்படுத்தினால், காகிதத்தைச் சங்கக் காரியாலயத்துக்கு எடுத்து வந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு இருக்கட்டும்.